விடைபெறும் நாளில் ஒரு வினா

"பள்ளி முதல்வராக இருக்கிறேன், இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு. பிரியாவிடை விழாவில் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். ஆர்வத்தோடு கேள்வி கேட்பது மனப்பாடத்தைவிடப் பெரியது என்று சொல்ல ஆசை. ஆனால் எழுதிப் பார்த்தால் எல்லாமே காலைக் கூட்ட அறிவுரை போல வருகிறது. எப்படி அமைக்கலாம்?"

நானும் கணக்கு ஆசிரியராகத் தொடங்கி முதல்வராக ஓய்வுபெற்றவன். இதே பொருளில்தான் கடைசி நாளில் பேசினேன். முதலில் எழுதிய உரையைக் கிழித்துப் போட்டேன். அதில் அறிஞர்களின் பொன்மொழிகள் இருந்தன, "கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்" என்ற வேண்டுகோள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. முந்தின இரவு சிவப்பு மையோடு திருத்த உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: நான்கு பக்கத்திலும் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. கேள்வியின் பெருமையைப் பேசும் உரை, எதையும் கேட்காமல், யாரையும் கேட்கவிடாமல் முடிந்திருந்தது. உங்கள் வரைவு அறிவுரை போல ஒலிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எடுத்துப் பார்த்து எண்ணிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. பேச எழுந்து நிற்கும்போது முன்வரிசையில் உங்கள் ஆசிரியர்கள் இருப்பார்கள். தேர்ச்சி விழுக்காடு குறைந்த ஆண்டுகளில் அவர்களைத் தனித்தனியாக அறைக்கு அழைத்து விளக்கம் கேட்டவர் நீங்கள். "மாதிரி வினாத்தாள் பத்தையும் முடித்துவிட்டீர்களா?" என்று வாராவாரம் விசாரித்தவரும் நீங்கள்தான். அதே வாயால் கடைசி நாளில் மனப்பாடம் பெரிதல்ல என்றால், கைதட்டுவார்கள், மனத்துக்குள் சிரிப்பார்கள். குழந்தைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அதனால் இந்த உரையில் குற்றவாளி யாராவது இருந்தால், அது நீங்களாகவே இருக்கட்டும். ஆசிரியர்களை, பெற்றோரை, தேர்வு முறையைக் குறை சொல்லும் வரிகள் இருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு வெளியே எங்கும் போக வேண்டாம். தமிழ் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. உங்கள் அரங்கில் பாதிப் பேர் இதை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நான் அப்படியே தொடங்கினேன். "வினா எத்தனை வகைப்படும்?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து கோரஸாக "ஆறு வகைப்படும்" என்று வந்தது. "அவை யாவை?" என்றேன். ஆறும் வரிசை மாறாமல் வந்து விழுந்தன. பிறகு, "இப்போது நான் உங்களிடம் கேட்டேனே, அது எந்த வகை?" என்றேன்.

அரங்கம் அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிறுமி எழுந்து, "அறிவினா" என்றாள். சரியான விடை. விடை தெரிந்தவர், எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இந்த இரண்டு பெயரையும் வைத்துக்கொண்டால் உங்கள் உரையின் முழுப் பொருளையும் சொல்லிவிடலாம். என் உரையில் அந்த இடம் இப்படி இருந்தது:

"வெளியுலகில் வழி தெரியாதவர்தான் வழி கேட்கிறார், தெரிந்தவர் சொல்கிறார். பள்ளிக்குள் நுழைந்ததும் இது தலைகீழாகிவிடுகிறது. விடை தெரிந்த நான் கேட்கிறேன். தெரியாத நீங்கள் சொல்கிறீர்கள். இத்தனை ஆண்டுகளில் நான் உங்களிடம் கேட்ட கேள்விகள் அநேகமாக எல்லாமே எனக்கு விடை தெரிந்தவை. எனக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றை உங்களிடம் எப்போது கேட்டேன் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். 'சாக்பீஸ் எங்கே?' என்பதைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை."

இது சிரிப்புக்காகச் சேர்த்த வரி அல்ல. மேடையேறுவதற்கு முன் உங்கள் பள்ளியிலேயே ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். இரண்டு மூன்று வகுப்புகளில் கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை முழுதும் உட்காருங்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆசிரியர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு, வலப்பக்கம் மாணவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போடுங்கள். வலப்பக்கத்தில் விழுபவற்றை மட்டும் இன்னும் கொஞ்சம் சலிக்க வேண்டும். "இதை நோட்டில் எழுத வேண்டுமா?", "மார்ஜின் போட வேண்டுமா?", "இது தேர்வுக்கு வருமா?" ஆகியவை கேள்விதான், ஆனால் பாடத்தைப் பற்றியவை அல்ல. அவற்றைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். நான் பார்த்த வகுப்புகள் பலவற்றில் எதுவுமே மிஞ்சவில்லை. அவை மோசமான ஆசிரியர்களின் வகுப்புகளும் அல்ல. உங்கள் எண் எதுவாக இருந்தாலும், ஆசிரியர் பெயரையோ வகுப்பையோ சொல்லாமல் அதை உரையில் சொல்லுங்கள். தன் பள்ளியின் எண்ணுக்கு இருக்கும் கூர்மை எந்தப் பொன்மொழிக்கும் கிடையாது.

அந்த வேலையைச் செய்யும்போதே கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அடுத்து வாய் திறப்பதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். சராசரியாக ஒரு வினாடி அளவுதான் இருந்தது. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டப் பயிற்சி கொடுத்தபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, அதோடு மாணவர்கள் தாமாகக் கேட்கும் கேள்விகளும் கூடின. ஒரு வினாடி போதுமா? நினைவிலிருந்து ஒரு சொல்லை எடுத்து நீட்டப் போதும். யோசிக்கப் போதாது. மனப்பாடத்தை நாம் வாயால் கண்டித்தாலும், அந்த ஒரு வினாடி அவசரத்தால் அதற்கு மட்டுமே பரிசு கொடுக்கிறோம். உரையில் இதைச் சொல்ல ஒரே வழி, செய்து காட்டுவது. நான் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மேடையில் மூன்று வினாடி சும்மா நின்றேன். ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்று ஒருவர் ஓடி வந்தார்.

இனி நடுப்பகுதி. இங்கே பெரும்பாலோர் ஆப்பிள் விழுந்ததையும் குளியல் தொட்டியையும் கொண்டுவருவார்கள். வேண்டாம். அவை மேதைகளின் கதைகள். கேட்கும் பிள்ளை தன்னை அதில் பார்க்காது. பள்ளி மாணவன் ஒருவனின் கதை இருக்கிறது, அதில் ஆசிரியர்களும் வருகிறார்கள், முடிவும் நம் வசதிக்கு ஏற்றதாக இல்லை. அதனால்தான் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

1963இல், இன்று தான்சானியா எனப்படும் நாட்டில், எரஸ்டோ எம்பெம்பா என்ற மாணவர் பள்ளியில் ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தார். பாலைக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து, ஆறவைத்து, பிறகுதான் உறைபெட்டியில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் இடம் குறைவு, மாணவர்களுக்குள் போட்டி. இன்னொரு பையன் காய்ச்சாமலே சர்க்கரை கலந்து வைத்துவிட்டான். இடம் போய்விடுமே என்று எம்பெம்பா சூடு ஆறாத பாலை அப்படியே உள்ளே வைத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது இவருடைய பால் உறைந்திருந்தது. அந்தப் பையனுடையது இன்னும் கெட்டித் திரவமாகவே இருந்தது. இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டார். நீ குழம்பியிருக்கிறாய், அப்படி நடக்காது என்பது பதில்.

மேல்நிலைப் பள்ளிக்குப் போனார். அங்கே நியூட்டனின் குளிர்தல் விதி பாடமாக வந்தது. மறுபடியும் எழுந்து கேட்டார். கொஞ்சம் விவாதித்த பிறகு ஆசிரியர், அது எம்பெம்பாவின் இயற்பியல், உலகத்தின் இயற்பியல் அல்ல என்றார். அன்றிலிருந்து அவர் எதில் தவறினாலும், "அது எம்பெம்பாவின் கணக்கு" என்று வகுப்பு கேலி செய்தது. ஆனாலும் விடவில்லை. உயிரியல் ஆய்வகம் திறந்திருந்த ஒரு நாளில், இரண்டு சிறு பீக்கர்களில் ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மற்றதில் கொதிநீரும் எடுத்து உறைபெட்டியில் வைத்துப் பார்த்தார்.

பிறகு, தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்பர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் பள்ளிக்கு வந்து உரையாற்றினார். உரை முடிந்ததும் எம்பெம்பா எழுந்து கேட்டது ஏறத்தாழ இது: ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்களில் சம அளவு தண்ணீர், ஒன்று 35 டிகிரி செல்சியஸ், மற்றது 100 டிகிரி, இரண்டையும் உறைபெட்டியில் வைத்தால் 100 டிகிரியில் தொடங்கியது முதலில் உறைகிறது. ஏன்? ஆஸ்பர்ன் சிரித்தார், மறுபடியும் சொல்லச் சொன்னார், நீயே செய்து பார்த்தாயா என்று கேட்டார். ஆம் என்றதும், தனக்குத் தெரியவில்லை என்றும் திரும்பிப் போய்ச் சோதித்துப் பார்ப்பதாகவும் சொன்னார். விருந்தினருக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்டு எங்களை அவமானப்படுத்திவிட்டாயே என்று உடன் படித்தவர்கள் மறுநாள் கடிந்துகொண்டார்கள்.

ஆஸ்பர்ன் வாக்குத் தவறவில்லை. ஆய்வக உதவியாளர் ஒருவரிடம் சோதிக்கச் சொன்னார். சூடான தண்ணீர்தான் முதலில் உறைந்தது என்று அந்த உதவியாளர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, சரியான முடிவு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த வரியைச் சொல்லும்போது உங்கள் அறிவியல் ஆசிரியர்கள்தான் முதலில் சிரிப்பார்கள். விடைக்குறிப்பில் இருப்பது வரும்வரை அளவீட்டைத் திருத்தி எழுதிய ஆய்வக நோட்டுகளை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். 1969இல் எம்பெம்பாவும் ஆஸ்பர்னும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நிகழ்வுக்கு இன்றும் எம்பெம்பா விளைவு என்றே பெயர்.

கதையை இங்கே நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "சூடான நீர் விரைவில் உறையும் என்று அந்த மாணவர் நிரூபித்துவிட்டார்" என்று முடித்தால், மனப்பாடம் செய்ய இன்னொரு வரியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தவர்களாவோம். உண்மை நிலவரம் அப்படி இல்லை. சிலருடைய சோதனையில் அது நிகழ்கிறது, சிலருடையதில் நிகழ்வதில்லை. சூடான நீர் ஆவியாகி அளவு குறைவதால் இருக்கலாம்; கரைந்த வாயுக்கள் வெளியேறுவதால் இருக்கலாம்; பாத்திரத்துக்குள் நடக்கும் சுழற்சியால் இருக்கலாம்; சூடான பாத்திரம் அடியிலுள்ள உறைபனியை உருக்கித் தட்டோடு நன்றாக ஒட்டிக்கொள்வதால்கூட இருக்கலாம். 2016இல் பர்ரிட்ஜ், லிண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கவனமாக அளந்துவிட்டு, அப்படியொரு விளைவு இருப்பதற்குப் பொருட்படுத்தத்தக்க சான்று தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார்கள். வெப்பமானியைச் சற்று மேலோ கீழோ வைப்பதே முடிவை மாற்றிவிடும் என்றும் காட்டினார்கள். "உறைந்தது" என்றால் முதல் பனித்துணுக்கு தோன்றுவதா, முழுதும் கட்டியாவதா என்பதிலேயே விடை மாறும்.

இதை அரங்கில் சொல்லலாமா, பிள்ளைகள் குழம்பிவிட மாட்டார்களா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சொன்னேன். உரையின் பொருளே அங்கேதான் இருக்கிறது: விடை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, கேள்வி அசையவில்லை. இரண்டு ஆசிரியர்கள் உறுதியாகச் சொன்ன "அப்படி நடக்காது" என்பதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவர்கள் சொன்னது ஒருவேளை சரியாகவேகூட இருக்கலாம். சரியான விடையைச் சொல்லியும் ஓர் ஆசிரியர் தவற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையில் இன்னொரு இழையும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் உரை பொய்யாகிவிடும். எம்பெம்பாவின் முதல் கேள்வியையும் கடைசிக் கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது, ஐஸ்கிரீம் செய்த பையனின் வியப்பு. கடைசியில் பாத்திரம் ஒரே மாதிரி, அளவு சமம், வெப்பநிலை இரண்டும் எண்ணாக இருக்கிறது, எது நடக்கிறது என்பது தெளிவாக இருக்கிறது. அதைக் கேட்ட ஒருவர் நேராக ஆய்வகத்துக்குப் போய்ச் செய்து பார்க்க முடியும், செய்தும் பார்த்தார். நடுவில் என்ன நடந்தது? அவர் பாடம் படித்தார். பொருளின் வெப்பநிலைக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தே குளிரும் வேகம் அமையும் என்ற விதி மனத்தில் பதிந்தது. அந்த விதி தெரிந்தவருக்குத்தான் தான் கண்டது விதியோடு மோதுகிறது என்பது தெரியும். தெரியாதவருக்கு அது வெறும் ஐஸ்கிரீம்.

அதனால் உங்கள் தலைப்பையே நான் கொஞ்சம் திருத்துவேன். மனப்பாடம் கேள்விக்குப் பகையல்ல. கேள்வி கடிப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். அதை நினைவு கொடுக்கிறது. நன்னூல் இதை அழகாகவே வைத்திருக்கிறது. மாணவர் பாடம் பயிலும் முறையைச் சொல்லும் நூற்பாவில், "பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல்" என்பவை முன்னால் வருகின்றன. அவற்றையெல்லாம் கடந்த பிறகு "வினாதல், வினாயவை விடுத்தல்" வருகின்றன. கேட்பதும், கேட்கப்பட்டதற்கு விடை சொல்வதும். இவற்றைக் கடமையாகக் கொண்டால் "மடம் நனி இகக்கும்", அறியாமை வெகுதூரம் விலகும் என்கிறது. நாம் செய்த பிழை பாடம் போற்றியது அல்ல. அங்கேயே மணியடித்து வகுப்பை முடித்ததுதான்.

அடுத்துவரும் நூற்பாக்கள் இன்னும் துணிச்சலானவை. ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது "காற்கூறு" மட்டுமே. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வருகிறது. நான்கில் ஒரு பங்குதான் ஆசிரியரால் என்பதை ஒரு முதல்வரே மேடையில் சொன்னால் எப்படி இருக்கும்! நான் சொன்னேன். ஆசிரியர்கள் முகத்தில் தெரிந்தது நிம்மதியா வருத்தமா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

நம் மொழியில் "கேள்" என்ற ஒரே சொல் செவிகொடுப்பதற்கும் வினவுவதற்கும் பொதுவாக இருப்பதையும் இந்த இடத்தில் சேர்க்கலாம். திருக்குறளில் "கேள்வி" என்ற அதிகாரம் முழுதும் செவிச்செல்வம் பற்றியது. இன்று அதே சொல்லுக்கு வினா என்று பொருள் கொள்கிறோம். ஓர் எச்சரிக்கை: "அறிதோறு அறியாமை கண்டற்றால்" என்ற தொடரைப் பள்ளி விழாக்களில் கல்விக் குறளாகச் சொல்பவர்கள் உண்டு. அது காமத்துப்பாலில் வருகிறது, தலைவியைப் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்பில் யாராவது முழுக் குறளையும் தெரிந்து வைத்திருந்தால் மேடையில் உங்கள் பாடு திண்டாட்டம்தான். அதேபோல், "விடைபெறுகிறேன்" என்பதில் உள்ள சிலேடையையும் ஒருமுறைக்கு மேல் தொடாதீர்கள்; அன்று பேசும் எல்லோருக்கும் அது தோன்றியிருக்கும்.

இப்போது உங்கள் வாக்குமூலம். நீங்கள் அமுக்கிய ஒரே ஒரு கேள்வியைத் தேடி எடுங்கள். பொதுவாக "சில சமயம் உங்கள் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை" என்று சொல்வதில் பயனில்லை. எந்த வகுப்பு, என்ன பாடம், என்ன கேள்வி, நீங்கள் சொன்ன சொல் என்ன என்பது வேண்டும். மாணவர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். என்னுடையது இது:

"எட்டாம் வகுப்பில் வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். பூச்சியத்தால் வகுக்கக் கூடாது, அது வரையறுக்கப்படாதது என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, 'யார் வரையறுக்கவில்லை, சார்?' என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். 'கணக்கை முடி, போர்ஷன் நிறைய இருக்கிறது' என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு எதையும் கேட்கவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

அவளுக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியது இரண்டு நிமிடம்தான். பன்னிரண்டை மூன்றால் வகுப்பது என்றால், பன்னிரண்டிலிருந்து மூன்று மூன்றாக எத்தனை முறை எடுக்கலாம் என்று பார்ப்பது. நான்கு முறை. அதே பன்னிரண்டிலிருந்து பூச்சியம் பூச்சியமாக எடுத்துப் பார். எத்தனை முறை எடுத்தாலும் பன்னிரண்டு அப்படியே இருக்கும், முடிவே இல்லை. வேறு வழியில் பார். விடை ஏதோ ஓர் எண் என்று வைத்துக்கொள். அந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் பன்னிரண்டு வர வேண்டும். எந்த எண்ணைப் பெருக்கினாலும் பூச்சியம்தான் வருகிறது. ஆகவே அப்படியோர் எண் இல்லை. பூச்சியத்தையே பூச்சியத்தால் வகுத்தால்? இப்போது எல்லா எண்களும் பொருந்துகின்றன. எதை எடுப்பது என்று தெரியாது. ஓரிடத்தில் விடையே இல்லை, இன்னோரிடத்தில் அளவுக்கு மீறி இருக்கிறது. அதனால்தான் கணக்கறிந்தவர்கள் கூடி அதை வரையறுக்காமல் விட்டார்கள். யார் வரையறுக்கவில்லை என்று அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. மனிதர்கள்தான், காரணத்தோடு. அதை நான் விதியாக எழுதிப்போட்டேன், எங்கிருந்தோ விழுந்தது போல."

இந்தப் பகுதிக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆனது, அரங்கு அசையவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் பன்னிரண்டிலிருந்து பூச்சியத்தை எடுப்பது புரிகிறது. பெரிய வகுப்புக்குக் கடைசி வரி புரிகிறது. உங்கள் பாடம் வரலாறாக இருந்தால், ஒரு போரின் ஆண்டை மட்டும் எழுதச் சொல்லி, அதை வென்றவர் சொன்னாரா தோற்றவர் சொன்னாரா என்று கேட்ட பிள்ளையை உட்காரவைத்த நாள் ஒன்று உங்களிடம் இருக்கும். ஒரு நிபந்தனை: அந்தக் கேள்விக்கான விடையை மேடையிலேயே கொடுத்துவிடுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்டால் அது உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும்.

பெற்றோருக்காக ஒரு சொல். கேள்வி கேட்டால் மதிப்பெண் கூடும் என்று உறுதி கொடுக்காதீர்கள். என் மாணவி கேட்காமலேயே மதிப்பெண் வாங்கினாள். தேர்வு நினைவைத்தான் பெருமளவு அளக்கிறது, அடுத்த மாதமும் அப்படித்தான் அளக்கும், அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை மறைத்துப் பேசினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "தேர்வுக்கு வேண்டியதைப் படியுங்கள். படித்ததில் எது உங்களுக்கு நம்ப முடியாததாக இருக்கிறதோ, அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஆண்டு முடிவில் ஒரு கேள்விக்குறிகூட இல்லாத புத்தகம் இருந்தால், அதை நீங்கள் படிக்கவில்லை, சுமந்தீர்கள்."

நேரக் கணக்கு. பதினைந்து நிமிடம் கிடைத்திருக்கிறதென்றால் பத்து நிமிடத்துக்கு மட்டும் எழுதுங்கள். எழுதியதைக் கடிகாரம் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். கண்ணால் படிப்பதைவிட மேடையில் எப்போதும் கூடுதலாக ஆகும். மீதி ஐந்து நிமிடம் அவர்களுடையது. விழாக்குழுவுக்கு இதில் கிலி பிடிக்கும்; யாராவது ஏடாகூடமாகக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று துண்டுச்சீட்டில் முன்கூட்டியே கேள்விகளை எழுதி வாங்கி, அவற்றில் நல்லதாக மூன்றைத் தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். விடை தயாராக இருக்கும் கேள்வி மறுபடியும் அறிவினாவாகிவிடும். பிள்ளைகளுக்கு ஐந்தாவது நொடியிலேயே அது தெரிந்துவிடும்.

"கேளுங்கள்" என்றதும் யாரும் எழ மாட்டார்கள். அந்த அமைதியை நிரப்பிவிட உங்கள் நாக்கு துடிக்கும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள், தண்ணீர் குடியுங்கள், புன்னகைக்கக்கூட வேண்டாம். தெரியாத கேள்வி வந்தால் ஆஸ்பர்ன் சொன்னதைச் சொல்லுங்கள். ஆனால் ஓய்வுபெற்ற பிறகு விடையை எப்படி அனுப்பப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு அப்படி இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்றுக்கு நூலகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து, விடையை எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி அனுப்பினேன். மற்றதற்கு இன்னும் தேடுகிறேன்.

என் விழாவில் நான் எட்டு எண்ணியபோது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். ஒலிவாங்கி அவன் உயரத்துக்கு வரவில்லை, யாரோ பிடித்துக்கொண்டார்கள். "ஐயா, அப்படியென்றால் திங்கட்கிழமை மனப்பாடப் பகுதி ஒப்பிக்க வேண்டுமா, வேண்டாமா?" என்றான். அரங்கம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்த பிறகு உன் ஆசிரியையிடம் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவருக்கும் விடை தெரியாததாக இருந்தால் இன்னும் நல்லது" என்றேன். அவன் முகம் விழுந்தது. ஒரு வேலை இரண்டாகிவிட்டதே. பக்கத்தில் அமர்ந்திருந்த தமிழாசிரியை என்னிடம் குனிந்து, அவன் கேட்டதை ஐய வினாவில் சேர்ப்பதா கொளல் வினாவில் சேர்ப்பதா என்று மெதுவாகக் கேட்டார்.